ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கோபுரம்

வைகாசித் திருவிழா வந்துவிட்டால் திருவாதவூர்த் தெருக்களில் கோபுரத்தை முழுசாகப் படத்துக்குள் கொண்டுவருவது பெரும்பாடு. வரவேற்பு ஃப்ளெக்ஸ், காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் என்று கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே வெளியூர்க் கூட்டம், செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள். படம் எடுக்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. பிரிண்ட் போட வரும்போதுதான் கண்ணில் படும். "அண்ணே, இந்த ஆளைத் தூக்கிருங்க, அந்த போர்டையும் தூக்கிருங்க" என்பார்கள். தூக்குவதுதான் என் தொழிலில் பாதி.

நான் தொழில் கற்ற காலத்தில் ஆளை மட்டும் தூக்க முடியாது. மேலூரில் என் குருநாதர் நெகட்டிவ் ரீடச்சிங் செய்வார். கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் எமல்ஷன் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வைத்து முகத்துக் கரும்புள்ளியையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் மறைப்பார். பின்னால் நிற்கிற ஆள் வேண்டாமென்றால் செந்நிற ஒபேக் மையைத் தூரிகையால் பூசி அடைத்துவிடுவார். பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாக வரும். ஆள் போவான், அவனோடு தெருவும் போகும். ஆள் நின்ற இடத்தில் என்ன இருந்தது என்பதை நிரப்ப அன்றைக்கு வழியில்லை. இன்று நிரப்பித் தரக் கருவிகள் இருக்கின்றன. அவை எதைக் கொண்டு நிரப்புகின்றன என்பது தெரிந்தால்தான் எந்த இடத்தில் எதை நம்பலாம் என்பது தெரியும்.

முதல் வகைக் கருவி ஓரத்தில் இருப்பதை உள்ளே இழுக்கும். 2000-ல் பெர்டால்மியோ, சபீரோ, காசெல்ஸ், பாயெஸ்தர் ஆகிய நால்வர் வெளியிட்ட முறை அது. அருங்காட்சியகத்தில் பழைய ஓவியத்தின் சேதத்தைச் சரிசெய்கிறவர்கள் சுற்றியுள்ள கோடுகளை உள்ளே நீட்டி நிறம் கொடுப்பதைக் கணக்காக மாற்றினார்கள். கீறல், மின்கம்பி போன்ற ஒல்லியானவற்றுக்கு அது போதும். ஓர் ஆள் அளவு அகலமான இடத்தில் பனி மூடியதுபோல் மங்கிவிடும். இரண்டாவது வகை, அதே படத்தின் வேறு பகுதியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டும். 2009-ல் வந்த பேட்ச்மேட்ச் என்ற முறையால் அந்தத் தேடல் வேகமானது. அடுத்த ஆண்டு ஃபோட்டோஷாப் சிஎஸ்5-இல் Content-Aware Fill வந்தபோது ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் அசந்துபோனோம். மூன்றாவது வகை 2023-இல் ஃபோட்டோஷாப்புக்குள் வந்த Generative Fill. இது ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகி, இந்த இடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று தானே வரைந்து தருகிறது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. பழைய கருவி நிரப்புவதெல்லாம் நம் படத்துக்குள்ளிருந்தே வரும். தப்பு செய்தாலும் ஒரே கல்லை இரண்டு இடத்தில் வைக்கும், அவ்வளவுதான். புதியது நம் ஊரில் இல்லாத ஒன்றை நம் ஊர் மாதிரியே வைத்துவிடும்.

ஒரு படத்தையே எடுத்துச் சொல்கிறேன். தேர் நாளன்று காலை, வடம் பிடிக்கும் நேரம். நிற்கிற தேருக்கு முன்னால் ஒரு குடும்பம்: நடுவில் அப்பத்தா, பட்டுச் சேலையில், இரண்டு பக்கமும் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். வெயில் என் முதுகுப்பக்கமிருந்து அடித்தது. பின்னணியில் கோபுரம். வலப்பக்கம், குடும்பத்துக்கும் கேமராவுக்கும் இடையில், நீலச்சட்டைக்காரர் ஒருவர் செல்போனோடு பாதி உடம்பை நீட்டி நிற்கிறார். அவர் முழங்கை அப்பத்தாவின் தோளை மறைக்கிறது, அவர் நிழல் சேலைமேல் விழுகிறது. அவருக்குப் பின்னால் சிவப்புத் துண்டு கட்டிய இன்னொருவர் வடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இடப்பக்கக் கம்பத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ் கோபுரத்தில் ஒரு பகுதியை மறைக்கிறது. ஓரத்தில் ஒரு பலசரக்குக் கடை, மஞ்சள் போர்டோடு. வீட்டுக்கூடத்தில் மாட்ட 20-க்கு 30 அங்குலத்தில் பிரிண்ட் வேண்டும். படம் 6000-க்கு 4000 பிக்சல். அந்த அளவுக்குப் போட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும், நெருங்கி நின்று பார்த்தாலும் நூல் தெரியும். போனில் விரலால் தேய்த்து எடுத்தது எதுவும் இந்த அளவுக்குத் தாங்காது.

"அண்ணே, ரெண்டு ஆளு, ஃப்ளெக்ஸு, கடை போர்டு, எல்லாத்தையும் தூக்கி கிளீன் பண்ணிருங்க" என்றார் மூத்த மகன்.

முதலில் 4-க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எதையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்வது என் வழக்கம். வீட்டில் மூத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்த் திருவிழாவில் முழு அந்நியர் கொஞ்சம்பேர்தான். அப்பத்தா படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வடம் பிடிக்கிறவன் நம்ம சின்னாத்தா மருமகன்டா, அவனை எதுக்குத் தூக்கணும்?" என்றாராம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வடம் பிடிக்கிற ஆளை எடுத்தால் வடம் அந்தரத்தில் நிற்கும். கை பிடித்திருக்கிற உயரம், அதற்கடுத்த கை வரைக்கும் கயிறு தொய்கிற தொய்வு, எல்லாமே அந்த ஆளால் வருவது. ஆளை எடுக்கிறவன் கயிற்றின் பாரத்தையும் வேறு யார் கையிலாவது கொடுக்க வேண்டும். எந்தக் கருவியும் அதைச் செய்வதில்லை. கயிறு ஒரு பருமனில் உள்ளே போய் வேறு பருமனில் வெளியே வரும். முறுக்கு ஒரு பக்கம் வலமாகவும் மறுபக்கம் இடமாகவும் இருக்கும். வடத்தைத் தாண்டி நிற்கிற ஆளை எடுத்த படம் எதையாவது பார்த்தால் கயிற்றின் முறுக்கைத்தான் முதலில் பாருங்கள், வேலை தெரிந்துவிடும்.

ஆக எடுக்க வேண்டியவர் நீலச்சட்டைக்காரர் ஒருவர்தான். அவரை மூன்று துண்டாகப் பிரித்துக்கொண்டேன். பின்னால் தெரு மட்டும் உள்ள பகுதி, பின்னால் அப்பத்தா உள்ள பகுதி, பிறகு அவருடைய நிழல். ஒரே தேர்வில் மொத்த ஆளையும் வளைத்து பட்டனை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் மூன்றுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

தெரு எளிது. இடுப்புக்குக் கீழே அவருக்குப் பின்னால் இருந்தது சிமெண்டுத் தரையும் சிதறிய பூவும்தான். இதற்கு என் கம்ப்யூட்டரிலேயே ஓடும் லாமா என்ற மாடலைப் பயன்படுத்தினேன். 2021-ல் வெளிவந்தது. முதல்முறை மாடல் இறங்கிய பிறகு இணையம் வேண்டாம், தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம், வாடிக்கையாளர் வீட்டுப் படம் வேறெந்த ஊர் சர்வருக்கும் போகாது. நிறுவுவதும் தொடங்குவதும் இவ்வளவுதான்:

```
pip install iopaint
iopaint start --model=lama --device=cpu --port=8080
```

பிரவுசரில் திறந்து, எடுக்க வேண்டியதன்மேல் தூரிகையால் பூச வேண்டும். அப்படிப் பூசுவதைத்தான் மாஸ்க் போடுவது என்கிறோம். மாஸ்க் ஆளின் ஓரத்தோடு நின்றால் போதாது. ஜேபெக் கோப்பு 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கப்படுவதால் நீலச்சட்டையின் நீலம் ஓரத்தைத் தாண்டியும் கொஞ்சம் கசிந்திருக்கும். அந்தக் கசிவு வெளியே மிஞ்சினால் கருவி அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு நீலத்தை வரையும். அழித்த இடத்தில் ஆவி மாதிரி ஒரு கறை நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். என் கணக்கில், இந்த அளவுப் படத்துக்கு ஓரத்திலிருந்து 10 முதல் 15 பிக்சல் வெளியே தள்ளிப் பூச வேண்டும். கால், செருப்பு, செருப்புக்கு அடியில் விழும் நிழல் எல்லாம் மாஸ்க்குக்குள் வர வேண்டும்.

அப்பத்தாவின் தோளை மறைத்த முழங்கை அப்படி இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது பட்டுச் சேலையின் ஜரிகைக் கரை. எந்தக் கருவியிடம் கேட்டாலும் ஒரு கரை தரும். அழகாகவும் இருக்கும். ஆனால் அது அப்பத்தாவின் சேலை இல்லை. அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்தவர், மடித்து வைப்பவர், பீரோவைத் திறந்தால் பார்க்கிறவர் எல்லாரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். கூடத்தில் மாட்டிய படத்தில் வேறு கரை இருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூட்டத்தில் படம் எடுக்கும்போது நான் ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. அதே இடத்தில் நின்று அசையாமல் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுப்பேன். குறுக்கே நிற்கிறவர் ஒரு கணமாவது நகர்வார். இதிலும் ஒரு படத்தில் நீலச்சட்டைக்காரர் செல்போனைப் பார்க்கக் கையைத் தாழ்த்தியிருந்தார், தோள் முழுசாகத் தெரிந்தது. அப்பத்தா அசையவே இல்லை. அந்தப் படத்தை அடியில் ஒரு லேயராக வைத்து, மேலே உள்ளதை Difference என்ற முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற இடமெல்லாம் கறுத்துவிடும். தோளின் விளிம்பு கறுக்கும்வரை நகர்த்திப் பொருத்தி, மேல் லேயரை Normal முறைக்குத் திருப்பி, முழங்கை இருந்த இடத்தில் மட்டும் மேல் லேயரை மறைத்தேன். கரை அவருடைய கரையாகவே வந்துவிட்டது.

கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிற தெருவென்றால் பத்துப் பதினைந்து படங்களை அடுக்கி Median கணக்கில் ஆட்களை மொத்தமாக மறையச் செய்யலாம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் வெறுந்தெரு தெரிந்திருக்க வேண்டும். தேர் பார்க்க நிற்கிற கூட்டம் நகராது. அங்கே அந்த முறை பலிக்காது.

மிஞ்சியது சேலைமேல் விழுந்த நிழல். அதை அழித்து நிரப்பவே கூடாது. நிழலுக்குள்ளும் உண்மையான சேலை இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். Curves-ஐ ஏற்றி, நிழல் விழுந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் சுற்றியுள்ள வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சம் சரியான பிறகும் அந்த இடம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. நிழலுக்குள் வெயில் நேராக வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும்தான் வரும், அதனால் அந்த நீலம். நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றியதும் சேலை ஒன்றாகச் சேர்ந்தது. ஆளை எடுத்துவிட்டு நிழலை மறந்த படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவருக்கு எதுவென்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்தும்.

இனி ஃப்ளெக்ஸ். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் ஆட்கள் இரண்டாம்பட்சம், ஃப்ளெக்ஸ்தான் பெரிய சோதனை. அதற்குப் பின்னால் இருப்பது கோபுரம். ஃப்ளெக்ஸை வளைத்து Generative Fill-இடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு கோபுரப் பகுதியை வரைந்து கொடுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் குறையே இல்லை. கிட்டப் போனால் பொம்மைகளின் கைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு தூணில் தொடங்கிய வளைவு எதிலும் போய்ச் சேரவில்லை. இன்னொரு குறை அளவிலும் இருந்தது. வெளிவந்த தொடக்கத்தில் அந்தக் கருவி 1024 பிக்சல் அளவில்தான் வரைந்து, பெரிய இடமாக இருந்தால் இழுத்து நிரப்பியது. ஃப்ளெக்ஸ் என் படத்தில் 1800 பிக்சல் அகலம். சுற்றியுள்ள சுதை கூர்மையாக இருக்க, நடுவில் மட்டும் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பு. துண்டு துண்டாகத் தேர்ந்து நிரப்பினால் கூர்மை வரும். பொய் பொய்தான். திருமறைநாதர் கோபுரத்தில் இல்லாத ஒரு பொம்மையை நான் ஒரு வீட்டுக் கூடத்தில் மாட்டிக் கொடுக்க முடியாது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் இது. தினமும் அந்தக் கோபுரத்துக்கு அடியில் நடக்கிறவர்கள்தான் எனக்கு வாடிக்கையாளர்கள்.

கோபுரம் எங்கும் போய்விடவில்லையே. மறுநாள் அதே நேரத்துக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே நாள் இடைவெளியில் சூரியன் நிற்கிற இடம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறாது, நிழல்கள் அதே பக்கம் விழும். லென்ஸ் எந்த அளவில் இருந்தது என்பது முதல் நாள் கோப்பிலேயே பதிந்திருக்கும், அதையே வைத்தேன். நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கப் படத்தில் பக்கத்தில் உள்ள ஒன்றையும் தூரத்தில் உள்ள ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் கடைத் திண்ணையின் முனையும் கோபுரத்தின் விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தன. அவை மறுபடி ஒரே கோட்டுக்கு வரும்வரை நகர்ந்து நின்றேன்.

ஃப்ளெக்ஸை இன்னும் கழற்றவில்லை. கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. கம்பம் எனக்கு 8 மீட்டர் தூரத்தில், கோபுரம் ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்தில். ஃப்ளெக்ஸின் அகலம் ஆறடி. நான் 2 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கிட்டத்தில் உள்ள ஃப்ளெக்ஸ் கோபுரத்தின்மேல் தன் அகலம் முழுவதையும் கடந்து விலகிவிடும். தூரத்தில் உள்ள கோபுரமோ எனக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத்தான் திரும்பியிருக்கும். அந்த ஒரு பாகையைப் பொம்மைகளின் முகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நகர்ந்து நின்று, மறைந்திருந்த பகுதியை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சுவர், திண்ணை எல்லாம் அந்தப் படத்தில் இடம் மாறித்தான் இருக்கும். அவற்றை அதிலிருந்து எடுக்கக்கூடாது. தூரத்தில் உள்ளதற்கு மட்டும் இந்த வழி.

அடியில் வைத்துப் பொருத்தும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். மறுநாள் வானத்தில் மெல்லிய மேகம் இருந்ததால் கோபுரத்தின் நிறம் கொஞ்சம் குளிர்ந்திருந்தது. ஃப்ளெக்ஸுக்கு வெளியே இரண்டு படத்திலும் தெரிகிற ஒரே பொம்மையை வைத்து நிறத்தைச் சமன் செய்தேன். பிறகு கம்பம். ஃப்ளெக்ஸை மட்டும் எடுத்துக் கம்பத்தை விட்டுவிட்டேன். கம்பத்தை எடுத்தால் அதில் போகிற கம்பிகளையும் எடுக்க வேண்டும். கம்பிகளை எடுத்தால் அவை போய்ச் சேர்கிற வீடுகளில் தொங்குகிற முனைகளையும் எடுக்க வேண்டும். அது முடியாது. பாதியில் நிற்கிற கம்பி எந்த ஃப்ளெக்ஸைவிடவும் கண்ணை இழுக்கும்.

கடை போர்டை நான் எடுக்கவில்லை. மகனுக்கு இதில் வருத்தம்தான். எழுத்துள்ள போர்டின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பச் சொன்னால் இந்தக் கருவிகள் தமிழ் மாதிரி ஒன்றை எழுதுகின்றன. சுழி இருக்கும், கொம்பு இருக்கும், ஒரு எழுத்தும் எழுத்தாக இருக்காது. அதைவிட, அந்தக் கடை அந்தத் தெருவில் இருக்கிற கடை. ஃப்ளெக்ஸ் திருவிழா முடிந்தால் போய்விடும், நீலச்சட்டைக்காரர் அடுத்த நிமிடமே போயிருப்பார். அவர்களை எடுப்பதில் எனக்கு மனத்தடை இல்லை. அடுத்த மாதமும் அங்கேயே இருக்கப்போகிறதை எடுத்தால் அது வேறு ஊர். மஞ்சளின் செறிவையும் வெளிச்சத்தையும் குறைத்துக் கொடுத்தேன். கண் அங்கே போவது நின்றது. "இப்பச் சரியா இருக்கு, கடை இருந்துட்டுப் போகட்டும்ணே" என்றார்.

பிரிண்டுக்கு அனுப்புமுன் சோதனை. நிரப்பிய இடம் எப்போதும் சுற்றியுள்ளதைவிடச் சற்று மழமழப்பாக இருக்கும், ஏனென்றால் கேமராவின் மணல்மணலான நாய்ஸ் அதில் இருக்காது. 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் சேர்த்தால் ஒன்றிவிடும். பிறகு மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு வளைவை மேலும் கீழுமாக அலைபோல இழுப்பேன். படம் விகாரமாகும். ஒட்டிய இடத்தின் ஓரம் இருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். கடைசியாகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படம் புதிதாகிவிடும். சிமெண்டுத் தரையில் ஒரே செவ்வந்தி இதழ் இரண்டு இடத்தில் கிடந்தது இப்படித்தான் தெரிந்தது, ஒன்றை எடுத்தேன்.

இதெல்லாம் வீட்டுச் சுவருக்கான படத்துக்கு. பத்திரிகைக்குக் கொடுக்கிற படத்தில் ஒரு புள்ளியும் தொடமாட்டேன். சிரியாவில் எடுத்த படத்தின் மூலையில் கிடந்த சக நிருபரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்த நார்சிசோ கான்ட்ரெராஸோடு 2014-ல் அசோசியேட்டட் பிரஸ் உறவை முறித்துக்கொண்டது. படத்தின் செய்தி எதுவும் மாறவில்லை, மூலையில் ஒரு பொருள், அவ்வளவுதான். அந்தக் கண்டிப்பு சரி என்றே நினைக்கிறேன். எங்கள் ஊர் மலையில் சமணப் படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. அந்தப் பாறையைப் படமெடுத்துத் தரச்சொல்லி வருகிறவர்கள், மேலே கிறுக்கியிருக்கிற பெயர்களை எடுத்துத் தரக் கேட்பார்கள். மறுத்துவிடுவேன். கருவிக்குக் கிறுக்கலும் கீறல், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தும் கீறல். ஓர் எழுத்தின் ஒரு கோட்டைச் சேர்த்து அழித்துவிட்டால், அந்தப் படத்தை வைத்துப் படிக்கிறவர் வேறு சொல்லைப் படிப்பார்.

குடும்பப் படத்தை லேபில் பிரிண்ட் போட்டுச் சட்டமிட்டுக் கொடுத்தபோது, பென் டிரைவில் இரண்டு கோப்புகளையும் போட்டுக் கொடுத்தேன். ஒன்று கேமராவில் இருந்தபடி, நீலச்சட்டைக்காரரோடும் ஃப்ளெக்ஸோடும். இன்னொன்று திருத்தியது. எது எது என்று கோப்பின் பெயரிலேயே எழுதியிருந்தேன். சட்டத்தின் பின்பக்கமும் தேதியோடு, எடுத்தவை இன்னின்ன என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒட்டினேன்.